நடவு மெஷின் டெமோ முடிந்த பிறகு

"அண்ணே, திருத்துறைப்பூண்டி பக்கம் விவசாயக் கருவிக் கடையில சேல்ஸ் வேலை பாக்குறேன். நடவு மெஷின் டெமோ காட்டும்போது கூட்டம் கூடுது, எல்லாரும் நல்லா இருக்குங்குறாங்க. மறுவாரம் போன் பண்ணுனா 'பாத்துட்டு சொல்றேன் தம்பி'ங்குறாங்க. நாலாவது தடவை போனையே எடுக்குறதில்ல. நச்சரிக்காம, அதே நேரம் ஆளையும் விட்டுடாம எப்படிப் பின்தொடர்றது?"

"முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள். அந்தக் கேள்வியால் உங்கள் மாதக் கணக்குக்குத்தான் பயன், அவருக்கு ஒன்றும் இல்லை. அவர் கையில் புதிதாக எதையும் கொடுக்காமல் பதிலை மட்டும் கேட்கிறோம். இரண்டு தடவை மரியாதைக்குப் பதில் சொல்வார், மூன்றாவது தடவை உங்கள் நம்பரைப் பார்த்ததும் போனைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

நடவு மெஷினைப் பொறுத்தவரை முடிவுக்கு என்று ஒரு தேதி ஏற்கெனவே இருக்கிறது. அதை நீங்களும் நானும் வைக்கவில்லை, நாற்றங்கால் வைத்திருக்கிறது. கைநடவுக்கு 25, 30 நாள் நாற்றைப் பறித்து முடிச்சாகக் கட்டிக் கொண்டுவருவார்கள். மெஷினுக்கு அந்த நாற்று ஆகாது. தட்டிலோ பாலித்தீன் விரிப்பிலோ மண்ணைப் பரப்பி, விதையைச் சீராகத் தூவி, பாய் மாதிரி சுருட்டி எடுக்கிற நாற்றாக வளர்க்க வேண்டும். அதுவும் 15 முதல் 18 நாளுக்குள் வயலுக்குப் போய்விட வேண்டும். ஒருவர் வழக்கம்போல நாற்றங்காலில் விதையைத் தெளித்துவிட்டார் என்றால், மெஷினைச் சும்மா கொடுத்தாலும் அந்தப் போகத்தில் அவருக்கு அது பயன்படாது. ஆகவே அவர் வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நாள் நடவு நாள் அல்ல. விதை ஊறப்போடுவதற்கு ஒன்றிரண்டு வாரம் முந்தைய நாள். உங்கள் பின்தொடர்தல் முழுக்க அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி வருவதாக இருக்கட்டும்.

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு குடும்பத்துக்கு நாங்கள் காட்டிய டெமோவைச் சொல்கிறேன், அதில் நீங்கள் கேட்டதற்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. பெரியவருக்குச் சொந்தம் 7 ஏக்கர், குத்தகை 5 ஏக்கர். குறுவை, தாளடி என்று இரண்டு போகமும் செய்கிறார். ஜூலை முதல் வாரம், குறுவை நடவில், ஒரு மா நிலத்தில், அதாவது 33 சென்ட்டில், நான்கு வரிசை மெஷினை ஓட்டிக் காட்டினோம். வரப்பில் இருபது பேர் நின்றார்கள். எல்லாரும் நல்லா இருக்கு என்றார்கள். அந்த வார்த்தையை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. "ரிப்பேருன்னா மெக்கானிக் எங்கேருந்து வருவான்?", "என் வயல்ல சேறு முழங்கால் வரைக்கும் இருக்குமே, இறங்குமா?" என்று குறை சொல்கிற மாதிரி கேட்கிறவர்தான் மெஷினைத் தன் வயலில் வைத்துப் பார்க்கிறார். பெரியவர் அப்படி இரண்டு கேள்வி கேட்டார்.

மெஷினை வண்டியில் ஏற்றிவிட்டு, கூட்டம் கலைந்ததும் அவரிடம் நான் விலை பேசவில்லை. "ஐயா, தாளடிக்கு எப்ப விதை விடுவீங்க?" என்று கேட்டேன். புரட்டாசி பிறந்ததும் என்றார். "இது மாதிரி பெரிய சாமான் வாங்குறதுன்னா யாரைக் கலந்துக்குவீங்க?" என்றேன். பையன் திருப்பூரில் இருக்கிறான், பணம் அவன்தான் போட வேண்டும், அப்புறம் வீட்டு அம்மாவையும் கேட்க வேண்டும் என்றார். இந்த இரண்டு பதிலும் கையில் இல்லாமல் வரப்பை விட்டு ஏறாதீர்கள். இவை இல்லாவிட்டால், முடிவெடுக்காத ஆளுக்கு முடிவில்லாத தேதியில் போன் செய்துகொண்டிருப்போம்.

அங்கேயே அவரிடம் இப்படிச் சொன்னேன்: "அப்ப ஆவணி கடைசிக்குள்ள ஒரு வார்த்தை தெரிஞ்சாப் போதும்யா. வேணாம்னாலும் சரிதான். அதுவரைக்கும் வாங்குறீங்களான்னு கேக்க மாட்டேன். நடுவுல இந்த வயலைப் பாக்க மட்டும் ரெண்டு தடவை வரேன், வரலாமா?" வாங்க என்றார். "ஆடியில எதுவும் வாங்குறதில்ல" என்றும் சேர்த்துச் சொன்னார். இந்த ஆடிப் பேச்சைத் தட்டிக்கழிப்பு என்று நிறைய பேர் எடுத்துக்கொள்கிறார்கள். நம் பக்கத்தில் அது ஒரு தேதி. ஆவணி பிறக்கும்வரை கேட்காதே என்று அவரே நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அதை மதித்தால் ஆவணியில் நம் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

டெமோ அன்றைக்கு நடந்ததைவிட அடுத்த பத்து நாள்தான் முக்கியம். இதைத்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். மெஷின் நடவு வயல் முதல் வாரம் பார்க்க நன்றாகவே இருக்காது. நாற்று ஒரு சாண்கூட இருக்காது, வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர் இடைவெளி, நடுவில் தண்ணீர்தான் பளபளக்கும். பக்கத்து வயலில் கைநடவு அடர்த்தியாகப் பச்சை கட்டி நிற்கும். ஐந்தாம் நாள் அந்த வழியாகப் போகிற யாராவது ஒருவர், "என்னய்யா, வயலு சொட்டையாக் கிடக்கு?" என்று கேட்டுவிட்டுப் போவார். அந்த நேரத்தில் பெரியவரிடம் பதில் இல்லாவிட்டால் உங்கள் டெமோ அங்கேயே முடிந்தது. மறுவாரம் நீங்கள் போன் செய்யும்போது "பாத்துட்டு சொல்றேன்" என்று வருவது அந்த ஆள் கேட்ட கேள்வியின் எதிரொலி.

ஆகவே ஏழாம் நாள் போனேன். போய்ப் பேசவில்லை, எண்ணினேன். அவரையும் கூட்டிக்கொண்டு வரிசையோடு நடந்து, நாற்று ஊன்றிய இடமான குத்துகளில் நூறு எண்ணுவது, அதில் எத்தனை இடம் காலி என்று பார்ப்பது. இப்படி நாலு இடத்தில் செய்தோம். மூன்று இடத்தில் நூற்றுக்கு மூன்று, நான்கு காலி. ஐந்துக்குள் இருந்தால் கவலை இல்லை, பக்கத்துக் குத்து தூர்விட்டு அதை மூடிவிடும். ஆனால் மடையோரம் ஒரு மூலையில் நூற்றுக்குப் பதினான்கு காலி. அதை மறைக்க நினைக்கவே கூடாது, அவர் ஏற்கெனவே பார்த்திருப்பார். காரணத்தைச் சொன்னேன்: அந்த மூலை தாழ்வு, நடவன்றைக்கு அங்கே தண்ணீர் நாலு விரல் நின்றது, மெஷின் ஊன்றிய நாற்று பிடிப்பில்லாமல் மிதந்துவிட்டது. மெஷினுக்குத் தண்ணீர் ஒரு விரல் அளவுக்கு மேல் நிற்கக் கூடாது. உழுது பரம்படித்த சேறும் ஒரு நாள், கனத்த களி என்றால் இரண்டு நாள், அடங்க வேண்டும். இது மெஷினின் குறை என்று அவர் சொன்னால் அதுவும் சரிதான். சமன் சரியில்லாத வயலைக் கைநடவுக்காரர்கள் சமாளித்துக்கொள்வார்கள், மெஷின் சமாளிக்காது. அந்த மூலைக்குக் கையால் ஊடு நடச் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மாலை பையனுக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பினேன். அப்பாவிடம் கேட்டு வாங்கிய நம்பர்தான். நல்ல இடத்து போட்டோ ஒன்று, அந்த மடை மூலை போட்டோ ஒன்று. கீழே: "வணக்கம் தம்பி. உங்க வயல்ல மெஷின் நடவு போட்டு இன்னிக்கு ஏழாம் நாள். முதல் போட்டோவுல நூறு குத்துக்கு நாலு காலி. ரெண்டாவது மடை மூலை, அங்க பதினாலு காலி, தண்ணி அதிகமா நின்னதால. அப்பாகிட்ட சொல்லியிருக்கேன். முப்பதாம் நாள் மறுபடி பார்த்து அனுப்புறேன். பதில் எதுவும் போட வேண்டியதில்லை." கடைசி வரியை வேண்டுமென்றே போடுவேன். பதில் வேண்டாம் என்றால்தான் படிப்பார்கள். பையன் பத்து நிமிடத்தில், அந்த மூலையில் மண் நிரவினால் சரியாகுமா என்று கேட்டான். அன்றிலிருந்து பணம் போடுகிற ஆளும் இந்தப் பேச்சுக்குள் வந்துவிட்டான்.

முப்பதாம் நாள் போகும்போது ஒரு எச்சரிக்கை. நம் ஆட்கள் ஒரு குத்தைப் பிடித்து, "பாருங்க, கைநடவுல இத்தனை தூர், மெஷின்ல அத்தனை தூர்" என்று காட்டுவார்கள். குத்துக்குக் குத்து எண்ணினால் மெஷின் வயல் ஜெயிக்கத்தான் செய்யும், ஏனென்றால் அதில் குத்துகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. அனுபவமுள்ள விவசாயிக்கு இது தெரியும், வெளியே சொல்ல மாட்டார், மனசுக்குள் உங்களை ஒரு படி இறக்கிவிடுவார். மூங்கில் பிளாச்சில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் கட்டி எடுத்துப் போங்கள். அதை இரண்டு வயலிலும் வைத்து உள்ளே இருக்கிற தூர் அத்தனையும் அவரையே எண்ணச் சொல்லுங்கள். பெரியவர் எண்ணியபோது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. மெஷின் வயல் ஜாஸ்தி என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் "சொட்டை" என்ற பேச்சு அன்றோடு போயிற்று, அதற்குத்தான் போனது.

ஆவணி பிறந்து ஒரு வாரம் கழித்து, பையன் ஊருக்கு வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு வரச் சொன்னார்கள். அன்றுதான் பணக்கணக்கு. விலைப்பட்டியலை நீட்டாமல் ஒரு நோட்டை எடுத்து, எண்களை அவர்களைச் சொல்லச் சொன்னேன். நடவுக்கூலி, நாற்றுப் பறி எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 5,500 ரூபாய் ஆகிறது என்று அம்மாதான் சொன்னார். வீட்டில் கூலி எண்ணிக் கொடுப்பவர் அவர். சொந்த மெஷின் என்றால் பாய் நாற்று, பெட்ரோல், ஓட்டுகிற ஆள் கூலி சேர்த்து ஏக்கருக்கு 2,000 என்று போட்டோம். மிச்சம் 3,500.

இங்கே எத்தனை ஏக்கர் என்று வந்தபோது நான் குறைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. குத்தகை நிலத்தில் 2 ஏக்கர் பள்ளக்கால். தாளடி நட்டுக் கொஞ்ச நாளிலேயே வடகிழக்கு மழை பிடித்துக்கொள்ளும். 15 நாள் குட்டை நாற்று அந்தத் தண்ணீரில் மூழ்கினால் அழுகிவிடும். அங்கே உயரமான, வயசான நாற்றைக் கையால் நடுவதுதான் சரி. ஆகவே குறுவைக்கு 12, தாளடிக்கு 10, வருஷத்துக்கு 22 ஏக்கர். ஏக்கருக்கு 3,500 வீதம் 77,000 ரூபாய் மிச்சம். மெஷின் எங்கள் கடையில் அப்போது 2,60,000. மூன்றரை வருஷத்தில் முதல் திரும்பும்.

பொதுவாக எல்லாரும் கணக்கை இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் வாங்குகிறவர் மனசில் ஓடுகிற கணக்கு வேறு. அவர் சொந்த மெஷினைக் கைநடவோடு ஒப்பிடவில்லை, வாடகை மெஷினோடு ஒப்பிடுகிறார். "அடுத்த ஊர்ல ஒருத்தன் நாத்தும் அவனே போட்டு நட்டுக் குடுக்குறானே" என்று யோசித்துக்கொண்டுதான் "பாத்துட்டு சொல்றேன்" என்கிறார். அதை நாமே எடுத்துப் போட்டுவிட வேண்டும். வாடகை, நாற்றோடு சேர்த்து, அப்போது ஏக்கருக்கு 4,200. சொந்தமாக வைத்தால் அதைவிட 2,200 மிச்சம். 22 ஏக்கருக்கு 48,400. அப்படிப் பார்த்தால் முதல் திரும்ப ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். பையன் நிமிர்ந்து பார்த்தான். "அப்ப வாங்க வேணாம்ங்கிறீங்களா?" என்றான். "உங்க நிலத்துக்கு மட்டும்னா வாடகைதான் லாபம் தம்பி. வெளியில ஒரு 20 ஏக்கர் நட்டுக் குடுக்க ஆள் இருந்தா, இல்ல பங்காளி யாராவது சேர்ந்தா, அப்ப வாங்குறது சரி" என்றேன்.

மானியத்தைப் பற்றியும் அன்றே பேசினோம். வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் அப்போது பொதுவாக 40 சதவீதம், சிறு குறு விவசாயி, பெண்கள், ஆதிதிராவிடர் பழங்குடியினருக்கு 50 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு. ஆனால் அந்த வருஷ ஒதுக்கீடு இருக்க வேண்டும், அனுமதி வாங்கிய பிறகே மெஷினை வாங்க வேண்டும். "மானியம் வந்துரும், வாங்கிருங்க" என்று விற்கிறவர் சொல்லவே கூடாது. அது நம் கையில் இல்லாத பணம். அதனால் கணக்கை மானியம் இல்லாமல் போட்டுக் காட்டிவிட்டு, உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் அவர்களையே கேட்டுக்கொள்ளச் சொன்னேன். போகும்போது எடுத்துச் செல்ல வேண்டிய தாள்களை எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

இவ்வளவு நிதானமாக நான் எப்போதும் இருந்ததில்லை. பல வருஷத்துக்கு முன்பு வேறொரு கடையில் வேலை பார்த்தபோது, மாதக் கடைசியில் என் விற்பனைக் கணக்குக்கு ஒரு மெஷின் குறைந்தது. "இந்த விலை நாளையோட சரி" என்று ஒருவரைத் துரத்தி வாங்க வைத்தேன். அந்த விலை மறுமாதமும் அதேதான் இருந்தது. அவருடைய நிலத்தில் பாதி பள்ளக்கால் என்று நான் கேட்கவே இல்லை. தாளடியில் நாற்று மூழ்கியது, மெஷின் மாட்டுக்கொட்டகையில் படுதா போட்டு நின்றது. டீக்கடையில் அவர் யாரிடமும் கோபமாகப் பேசவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொட்டகையைக் காட்டினார். அந்த ஊரில் இரண்டு வருஷம் எனக்கு ஒரு டெமோவுக்குக்கூட வயல் கிடைக்கவில்லை.

சரி, முடிவு கேட்கிற நாள். ஆவணி கடைசி வாரம் வந்ததும் கேட்டுவிட வேண்டும், இங்கே கூச்சம் கூடாது. கேட்காமல் விடுவதும் தப்பு, அவருக்கு விதை ஊறப்போட நாள் நெருங்குகிறது. காலையில் வயலில் நிற்கும்போது கூப்பிடாதீர்கள். இரவு ஏழு, ஏழரைக்கு, சாப்பாட்டுக்கு முன்னால் கூப்பிடுங்கள். நான் சொன்னது இதுதான்: "ஐயா, அன்னிக்கு வரப்புல பேசுன தேதி வந்துருச்சு. புரட்டாசியில பாய் நாத்து போடணும்னா இந்த வாரம் தட்டுக்குச் சொல்லணும். மூணு வழி இருக்கு. வாங்குறது ஒண்ணு. தாளடிக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துப் பாக்குறது ஒண்ணு. இந்தத் தடவை கைநடவே போடுறது ஒண்ணு. எது உங்களுக்குச் சரியாப் படுது?" சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். எதிர்முனையில் ஐந்தாறு விநாடி சத்தம் இருக்காது. அந்த இடத்தில்தான் நமக்கு வாய் துடிக்கும், தள்ளுபடி, தவணை என்று எதையாவது கொட்டிவிடத் தோன்றும். கொட்டினால் அவர் யோசித்துக்கொண்டிருந்தது கலைந்துவிடும்.

பெரியவர் வாடகை என்றார். எங்களிடம் மெஷின் வாங்கி வெளியில் ஓட்டுகிற ஒருவரைச் சேர்த்துவிட்டேன். ஏக்கருக்கு 80 முதல் 100 தட்டு என்ற கணக்கில் 10 ஏக்கருக்கு நாற்று போட்டார்கள். விதை தூவும் நாளில் மட்டும் நான் போய் நின்றேன், ஏனென்றால் தட்டில் விதை திட்டுத் திட்டாக விழுந்தால் வயலில் காலி விழும், பழி மெஷின் மேல் வரும். அப்புறம் தை வரைக்கும் நான் அவரைக் கூப்பிடவே இல்லை.

உங்கள் போனை எடுக்காமல் இருப்பவர்களை இப்போது போனில் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: "ஐயா, அடிக்கடி கூப்பிட்டதுக்கு மன்னிக்கணும். டெமோ போட்ட வயலை வர வியாழக்கிழமை காலையில பாக்க வரேன், குத்து எண்ணிட்டுப் போயிருவேன். நேரம் இருந்தா வாங்க." அவர் வந்தாலும் வராவிட்டாலும் சொன்ன நாளில் போய் எண்ணுங்கள். எண்ணியதை அனுப்புங்கள். டெமோவைப் பாதி மட்டும் பார்த்துவிட்டு ஒரு கேள்விகூடக் கேட்காமல் போனவர்களை நோட்டில் எழுதிவைத்து அடுத்த போகம் வரை விட்டுவிடுங்கள். 3 ஏக்கர் வைத்திருப்பவரிடம் வாடகைக்கு எடுக்கச் சொல்லிவிடுங்கள். அவருக்கு நீங்கள் விற்க வேண்டியது எதுவும் இல்லை.

பெரியவர் மறு வருஷம் சித்திரையில் அவராகவே கடைக்கு வந்தார். கூட அவருடைய மைத்துனர், அவருக்கு 18 ஏக்கர். இரண்டு வீடும் சேர்ந்து ஒரு மெஷின் எடுப்பதாகப் பேசி வைத்திருந்தார்கள். விலையைக் கேட்பதற்கு முன்னால், நாற்றைக் கிள்ளி ஊன்றுகிற அந்த விரல் தேய்ந்தால் மாற்ற என்ன ஆகும், கடையில் இருப்பு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார் மைத்துனர். அலமாரியிலிருந்து இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.